ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடும் தோள்வலி: எப்படிப் படுப்பது, மாத்திரையை எப்போது போடுவது

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு, சுகர் இருக்கு. நாலு மாசமா வலது தோள்ல பயங்கர வலி, ஃப்ரோசன் ஷோல்டர்னு டாக்டர் சொல்லிட்டார். பகல் எப்படியோ ஓடிடுது, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துடறாங்க. முட்டித் தேய்மானம், இடுப்பு வலி வேற. எட்டு மணிக்குச் சாப்பிட்டதும் பாராசிட்டமால் 650 ஒண்ணு போடறாங்க. எப்படிப் படுக்க வைக்கிறது, தலையணை எங்க வைக்கிறது, மாத்திரையை எப்பக் குடுக்கிறது?

பதில்:

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த மாதிரி வலியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வலியில் விழித்தபோது கை எங்கே கிடந்தது என்பதைத்தான். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அதனால் இன்று ராத்திரி அம்மா எழுந்து உட்காரும்போது நீங்களே ஒருமுறை பாருங்கள், இல்லை அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கை மெத்தையில் முதுகுக்குப் பின்னால் சரிந்திருக்கும், அல்லது இடது பக்கம் திரும்பியதால் வலது கை நெஞ்சைத் தாண்டி முன்னால் தொங்கியிருக்கும், அல்லது தூக்கத்தில் அந்தத் தோள் மேலேயே புரண்டு படுத்திருப்பார். இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்த எட்டு மணி மாத்திரை. சாதாரண பாராசிட்டமால் போட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்ய ஆரம்பிக்கும், நாலிலிருந்து ஆறு மணி நேரம்வரை தாங்கும். எட்டு மணிக்குப் போட்டால் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் அது முடிந்துவிடுகிறது. அம்மா பத்தரைக்குப் படுக்கிறார் என்று வைத்துக்கொண்டால் மாத்திரையின் நல்ல பாதி டிவி பார்ப்பதிலேயே போய்விடுகிறது, மருந்து இறங்கும் நேரமும் கை சரியும் நேரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் சரி செய்ய வேண்டும். மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஈரல்தான் கெடும்.

முதலில் கையை எப்படித் தாங்குவது என்று பார்ப்போம், அதுதான் பெரிய வேலை.

ஃப்ரோசன் ஷோல்டரில் தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை வீங்கித் தடித்து இறுகிப்போகிறது. சர்க்கரை இருப்பவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வரும். ஆரம்ப மாதங்களில் வலிதான் பெரிது, ராத்திரி வலி அதிலும் பெரிது. அப்புறம் வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும், அதற்கும் அப்புறம் மெல்ல மெல்லத் தளரும். மொத்தக் கதையும் முடிய ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். நாலு மாதம் என்கிறீர்கள், அப்படியானால் அம்மா இன்னும் வலிக் கட்டத்தில்தான் இருக்கிறார். இந்தக் கட்டத்தில் உறையை எந்தப் பக்கமும் இழுக்காமல் நடுவாக வைத்துக்கொள்வதுதான் படுக்கையில் நாம் செய்யக்கூடியது.

மல்லாந்து படுப்பதுதான் இவருக்கு நல்லது, ஆனால் சும்மா மல்லாந்து படுத்தால் போதாது. நம் முதுகு தடிமனானது, மேல்கை மெல்லியது. அதனால் மல்லாந்து படுத்தால் முழங்கை தோளைவிடத் தாழ்ந்து மெத்தையில் போய் விழும், மூட்டின் முன்பக்க உறை இழுபடும். ஆரோக்கியமான தோளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இவருக்கு அரை மணியில் கடுக்க ஆரம்பிக்கும். ஒரு குளியல் துண்டையோ பழைய போர்வையையோ நீளவாக்கில் மடித்து, தோள்பட்டை எலும்பின் வெளி ஓரத்திலிருந்து முழங்கை தாண்டிப் போகும்படி மேல்கைக்கு அடியில் வையுங்கள். உயரம் சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது: அம்மா தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பார்க்கும்போது தன் வலது முழங்கை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முழங்கை இன்னும் கீழே இருக்கிறது, இன்னொரு மடிப்பு போடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன குஷனையோ சுருட்டிய துண்டையோ கைக்கும் விலாவுக்கும் நடுவில் அக்குள் அடைபடாமல் வைத்து, கை உடம்பிலிருந்து ஒரு சாண் விலகி இருக்கும்படி செய்யுங்கள். உள்ளங்கை வயிற்றின் மேல் இருக்கட்டும். பலர் முழங்கைக்கு மட்டும் தலையணை கொடுத்துவிட்டு மணிக்கட்டை அந்தரத்தில் விட்டுவிடுவார்கள், அந்தத் தொங்கல் திருகிக்கொண்டே போய்த் தோளில்தான் முடியும். முழங்கை, முன்கை, மணிக்கட்டு மூன்றும் எதன் மேலாவது படிந்திருக்க வேண்டும். தலைக்கு ஒரே தலையணை போதும், அதையும் தோளுக்கு அடியில் நுழைக்காமல் கழுத்தோடு நிறுத்துங்கள்.

வாழ்நாள் முழுக்க ஒருக்களித்துப் படுத்தவரை மல்லாந்து படு என்றால் படுக்க மாட்டார், அது நிச்சயம். அப்போது இடது பக்கம் திரும்பிப் படுக்கட்டும். இதில் தப்பு நடக்கும் இடம் முன்பக்கம். வலது கைக்கு முன்னால் தடுப்பு ஏதும் இல்லாவிட்டால் அது நெஞ்சுக்குக் குறுக்கே கீழே சரியும், பின்பக்க உறை முழுக்க இழுபடும். "வலிக்கிற பக்கம் படுக்கவே இல்லையே, அப்பவும் ஏன் வலிக்குது" என்று கேட்பவர்கள் எல்லாருக்கும் இதுதான் பதில். நெஞ்சுக்கு முன்னால் ஒரு கெட்டியான தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதன் மேல் வலது முன்கை முழுவதும் கிடக்க வேண்டும். உயரம் எவ்வளவு என்றால், முழங்கை தோளின் மட்டத்திலிருந்து கீழே இறங்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் இன்னொரு உருட்டுத் தலையணையை ஒட்டி வைத்துவிடுங்கள், தூக்கத்தில் மல்லாந்து, அங்கிருந்து வலது பக்கம் புரள்வதை அது தடுக்கும்.

ஒருக்களித்துப் படுக்கும்போது தலைக்கு வைக்கும் தலையணையின் உயரமும் முக்கியம். கழுத்து ஓரத்திலிருந்து தோள் நுனி வரை ஒரு அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். உங்கள் அம்மாவுக்கு 13 சென்டிமீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம், அப்படியானால் தலை அழுத்திய பிறகும் தலையணை கிட்டத்தட்ட அந்த உயரத்தில் நிற்க வேண்டும். கடையில் கையில் தூக்கிப் பார்க்கும்போது இருக்கும் உயரத்தை நம்பாதீர்கள். இலவம்பஞ்சுத் தலையணை புதிதில் புஸ்ஸென்று இருக்கும், தலை வைத்தால் பாதிதான் மிஞ்சும், வருடக்கணக்கில் ஆன வீட்டுத் தலையணையில் அதுவும் மிஞ்சாது. மெத்தை ரொம்ப மெத்தென்று இருந்தால் கீழ்த்தோள் உள்ளே புதையும், அப்போது தலையணை கொஞ்சம் குறைவாக வேண்டும். பின்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள், மண்டையின் பின்பக்கமும் கழுத்தும் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருந்தால் சரி. தலை கீழே தொங்கினால் கழுத்திலிருந்து தோளுக்கு ஓடும் தசை ராத்திரி முழுக்க இறுகியே இருக்கும், ஏற்கெனவே வலிக்கிற தோளுக்கு இன்னொரு வலி.

கீழே இருக்கும் இடது தோளையும் மறந்துவிட வேண்டாம். நேராக அதன் மேல் பாரம் போட்டுப் படுத்தால் சில மாதங்களில் அதுவும் முனக ஆரம்பிக்கும். அதோடு சர்க்கரை உள்ளவர்களுக்கு அடுத்த தோளிலும் இதே பிரச்சினை வருவது சகஜம். இடது தோளை லேசாக முன்னால் இழுத்துவிட்டு, பாரம் தோள்பட்டை எலும்பின் மேலும் விலாவின் மேலும் விழும்படி படுப்பது நல்லது.

இதிலும் முடியாத ராத்திரிகள் வரும். அன்றைக்குச் சாய்ந்து தூங்குவதுதான் வழி. கட்டிலின் தலைமாட்டில் தலையணைகளை அடுக்கிச் சரிவாக்கி, அரைகுறையாக உட்கார்ந்த நிலையில், கைக்கு அடியில் அதே துண்டோடு. பழைய சாய்வு நாற்காலி வீட்டில் இருந்தால் இன்னும் வசதி, அதன் கைப்பிடி அகலமாக இருப்பதால் முன்கை முழுக்கப் படியும். இரண்டு மூன்று வாரம் இப்படித் தூங்குவதால் ஒன்றும் கெட்டுப்போகாது. காலை மட்டும் நீட்டி ஒரு முக்காலி மேல் வைக்கச் சொல்லுங்கள், ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டால் கணுக்காலில் வீக்கம் வரும்.

செய்யக் கூடாதவை இரண்டு. கையைத் தலைக்கு மேல் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டோ தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டோ படுப்பது ஒன்று. குப்புறப் படுப்பது இன்னொன்று, ஏனென்றால் அதில் கை தானாகவே மேலே போய்விடும்.

தலையணைகள் எல்லாம் சரியாக வைத்தும் காலையில் அவை தரையில் கிடக்கும், அதுவும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கைக்கு அடியில் வைக்கும் மடிப்பை ஒரு பருத்தித் துணியால் சுற்றி, அந்தத் துணியின் ஓரத்தை அம்மாவின் முதுகுக்கு அடியில் போகும்படி விரித்துவிடுங்கள், உடம்பின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். வழுக்கும் சாட்டின் உறை வேண்டவே வேண்டாம்.

இப்போது முட்டி. இடுப்பு வலிக்கு முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள், அது உண்மைதான், முட்டி லேசாக மடங்கினால் இடுப்புத் தசைகள் தளர்ந்து கொடுக்கும். ஆனால் முட்டித் தேய்மானம் உள்ளவர் அதையே ராத்திரி முழுக்கச் செய்தால் முட்டி அந்த மடக்கிலேயே பழகிவிடும், மாதங்கள் போகப்போக நேராக நீட்ட முடியாமல் போகும். நீட்ட முடியாத முட்டியோடு நடந்தால் தொடைத் தசைக்கு இரட்டை வேலை, முட்டி வலியும் கூடும். இவரைப் போல இரண்டு தொந்தரவும் இருப்பவருக்கு, படுத்ததும் பதினைந்து இருபது நிமிடம் முட்டிக்கு அடியில் வைத்து இடுப்பைத் தளரவிட்டு, தூங்கப்போகும் முன் எடுத்துவிடுவதுதான் நான் சொல்லும் சமரசம். உங்களால் கண்டுபிடிக்கவும் முடியும்: மல்லாந்து கால் நீட்டிப் படுக்கச் சொல்லி முட்டியின் பின்பக்கத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் கையை நுழைத்துப் பாருங்கள், மாதத்துக்கு மாதம் அந்த இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனால் தலையணையை நிறுத்த வேண்டும்.

ஒருக்களித்துப் படுக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. இரண்டு கால்களுக்கும் நடுவில் முட்டியிலிருந்து கணுக்கால் வரை போகும் நீளத் தலையணை ஒன்று வைத்தால் மேல்கால் முன்னால் விழுந்து இடுப்பைத் திருகாது, இரண்டு முட்டியும் ஒன்றோடொன்று உரசாது. முட்டிக்கு மட்டும் வைத்துவிட்டுக் கணுக்காலைத் தொங்கவிட்டால் முட்டி பக்கவாட்டில் முறுக்கப்படும், நீளமாகவே வையுங்கள்.

மெத்தை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது ஒரு சித்தப்பா "இடுப்பு வலியா, மெத்தையைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கட்டாந்தரையில படு" என்று சொல்லியிருப்பார். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயினில் நடந்த ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு பாதிக்குக் கெட்டியான மெத்தையும் மறுபாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து மூன்று மாதம் பார்த்தார்கள். நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்தது. தரை இவருக்கு இன்னொரு காரணத்தாலும் ஒத்துவராது: முட்டியும் தோளும் சரியில்லாத ஒருவர் பாயிலிருந்து கை ஊன்றி எழுவதே பெரிய பாடு. நடுவில் பள்ளம் விழுந்த பஞ்சு மெத்தை என்றால் அதை அடித்துத் தைக்கக் கொடுங்கள், அதுவரை பள்ளத்தில் ஒரு கனமான போர்வையை மடித்துப் போட்டுச் சமப்படுத்தலாம்.

கட்டிலில் எந்தப் பக்கம் படுக்கிறார் என்பதையும் பாருங்கள், யாரும் யோசிக்காத விஷயம் இது. எழும்போது நேராக மல்லாந்த நிலையிலிருந்து எழுந்தால் இடுப்புக்குக் கேடு, உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் உருட்டி, கால்களைக் கீழே இறக்கி, கீழே இருக்கும் முழங்கையை ஊன்றி எழ வேண்டும். வலது தோள் கெட்டவர் இடது பக்கம்தான் உருள முடியும். அப்படியானால் அவரது இடது கைப்பக்கம் கட்டிலின் ஓரம் இருக்க வேண்டும். இப்போது வலது ஓரத்தில் படுக்கிறார் என்றால் அப்பாவோடு இடம் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ராத்திரி பாத்ரூம் போக எழும் ஒவ்வொரு முறையும் வலிக்கும் கையை ஊன்றுவது இதனாலேயே நின்றுவிடும்.

சரி, மாத்திரைக்கு வருவோம்.

டாக்டர் எழுதிக்கொடுத்தது அந்தப் பாராசிட்டமால் 650 மட்டும்தான் என்றால், எட்டு மணி வேளையைப் படுப்பதற்கு அரை மணி முன்னால், அதாவது பத்து மணிக்குத் தள்ளலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். பத்துக்குப் போட்டால் பத்தரைக்குப் படுக்கும்போது வேலை ஆரம்பித்திருக்கும், இரண்டு மணியைத் தாண்டி மூன்று நாலு மணி வரை கொஞ்சம் காவல் இருக்கும். பாராசிட்டமாலுக்குச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து போட்டுவிட்டு, உடனே படுக்காமல் இருந்தால் போதும். மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டு அப்படியே சாய்ந்தால் அது உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு எரிச்சல் வரும், வீரியமான வலி மாத்திரைகள் புண்ணே ஆக்கிவிடும்.

காலை நாலு மணிக்கு வலி திரும்பினால் இன்னொன்று போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஆறு மணி நேர இடைவெளி விட்டுக்கொண்டால் போதுமான பாதுகாப்பு, பத்துக்குப் போட்டது நாலுக்கு அந்தக் கணக்கை முடிக்கிறது. அப்படி வைத்துக்கொண்டால் ஒரு நாளில் நாலு மாத்திரை, மொத்தம் 2600 மி.கி.; வயதானவர்களுக்குப் பல டாக்டர்கள் வைத்துக்கொள்ளும் 3000 மி.கி. எல்லைக்குள் அடங்கும். ஈரல் நோய் இருந்தாலோ, உடம்பு ரொம்ப மெலிந்து 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது, இன்னும் குறைக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் எத்தனை மணிக்குப் போட்டோம் என்பது மறந்துபோகும், தலைமாட்டில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள்.

ஆபத்து ஒளிந்திருப்பது வேறு இடத்தில். மருந்துக்கடையில் "தோள் வலி" என்று கேட்டால் பாதிப் பேர் எடுத்துக் கொடுப்பது அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை. பேர் வேறாக இருப்பதால் இதையும் போட்டு அதையும் போடுவார்கள், பாராசிட்டமால் இரட்டிப்பாகும். சளி மாத்திரையிலும் அது இருக்கும். அட்டையைத் திருப்பி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற சிறிய எழுத்தைப் படியுங்கள்.

அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். வீக்கத்தையும் குறைப்பதால் இந்த வலிக்கு அவை நன்றாகவே கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரையோடு பிரஷரும் இருந்து அதற்கு மாத்திரை எடுப்பவர், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், குடல் புண் வந்தவர் ஆகியோருக்கு இவை கிட்னியிலோ வயிற்றிலோ கை வைத்துவிடும். கிரியேட்டினின் பார்த்துவிட்டு டாக்டர் எழுதினால் மட்டும் கொடுங்கள். எழுதினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெறும் வயிற்றில் இல்லாமல். சாப்பாடு எட்டு மணிக்கு என்றால் இந்த மாத்திரைக்காகச் சாப்பாட்டையே ஒன்பதுக்குத் தள்ளலாம், ஆனால் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ அந்தச் சாப்பாட்டோடு கட்டியிருக்கும், அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பிரிகாபலின் மாதிரி நரம்பு மாத்திரை ஏதாவது கொடுத்திருந்தால் முதல் சில ராத்திரிகள் தலைசுற்றும், பாத்ரூம் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

வலி ஜெல்லை அம்மா தோளில்தான் தேய்ப்பார், ஆனால் அது நன்றாக வேலை செய்வது முட்டியில். டைக்ளோஃபெனாக் ஜெல் தோலுக்குக் கொஞ்சம் கீழே வரைதான் தேவையான அளவு இறங்கும், முட்டியும் விரல் மூட்டுகளும் மேலாகவே இருப்பதால் அங்கே பலன் தெரியும், தோள் மூட்டு தசைக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. முட்டிக்குப் போடுவதாக இருந்தாலும் படுக்கும்போது ஒருமுறை தேய்த்தால் போதாது, பகலிலும் சேர்த்து மூன்று நாலு வேளை, ஒரு வாரமாவது தொடர்ந்து போட்டால்தான் ராத்திரி வித்தியாசம் தெரியும். ஜெல் போட்ட இடத்தில் ஒத்தடம் கூடாது.

தோளுக்கு ஒத்தடம் நல்லது. படுப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வைக்கலாம். சர்க்கரையால் உணர்ச்சி மங்கியிருந்தால் சுடுவது தெரியாது, அதனால் சூட்டை நீங்கள் உங்கள் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அதை வைத்துக்கொண்டே தூங்கிப்போகக் கூடாது, கொப்புளத்தோடு காலையில் வந்தவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

உடற்பயிற்சி நேரமும் ராத்திரியைக் கெடுக்கலாம். பிசியோ போய்வந்த அன்றைக்கு ராத்திரி வலி கூடுகிறதா என்று கவனியுங்கள். வலிக் கட்டத்தில் இருக்கும் தோளைச் சாயங்காலம் ஏழு மணிக்குப் பிடித்து முறுக்கினால் அது ராத்திரி முழுக்கப் பழி வாங்கும். பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலி பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. தூக்கத்தைத் தொட்டால் அளவு மிஞ்சிவிட்டது, குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், நேரத்தையும் காலை பத்து பதினொன்றுக்கு மாற்றுங்கள். ராத்திரி படுக்கும் முன் வேண்டுமானால் குனிந்து, இடது கையை மேசையில் ஊன்றி, வலது கையை ஊஞ்சல் மாதிரி லேசாக ஆட விடுவது மட்டும் போதும்.

இடுப்புக்காக ஒன்று. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்பின் நடுவே உள்ள டிஸ்க்குகள் தண்ணீரை உறிஞ்சி உப்பும், அதனால் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது அவற்றுக்கு அதிகச் சுமை. 1998இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், காலை முதல் சில மணி நேரம் குனியாமல் இருக்கப் பழக்கியதாலேயே நாள்பட்ட இடுப்பு வலி குறைந்தது தெரிந்தது. நம் வீட்டில் அந்த நேரத்தில்தான் வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, குனிந்து கோலம் போடுகிறார்கள். அம்மாவுக்குக் கோலம் முக்கியம் என்றால் எழுந்து, காபி குடித்து, கொஞ்சம் நடமாடிவிட்டு ஏழு மணிக்குப் போடட்டும், அல்லது கொஞ்ச நாள் அப்பா கற்றுக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் இரண்டு வாரம் செய்து பாருங்கள். கணக்கு எளிது: ராத்திரியில் எத்தனை முறை விழிக்கிறார், முதல் தடவை எத்தனை மணிக்கு விழிக்கிறார் என்று மட்டும் குறித்து வையுங்கள். இரண்டு மணி விழிப்பு நாலு மணிக்குத் தள்ளிப்போனாலே வழி சரி என்று அர்த்தம். ஒரு அசைவும் இல்லை என்றால் தோளுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாமா என்று எலும்பு டாக்டரிடம் கேளுங்கள். வலிக் கட்டத்தில் போட்டால்தான் அதற்கு நல்ல பலன், இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு அவ்வளவாக இல்லை. ஆனால் ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை எகிறும், அந்த நாட்களில் வீட்டில் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும், சர்க்கரை டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சில வலிகள் தலையணைக்கு அடங்காது. எப்படிப் படுத்தாலும் மாறாத, ராத்திரிக்கு ராத்திரி கூடிக்கொண்டே போகும் முதுகு வலி, கூடவே சாயங்காலக் காய்ச்சல் அல்லது எடை குறைவது என்றால் முதுகெலும்புக் காசநோயோ கட்டியோ இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கால் இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் போவது அல்லது தெரியாமல் போவது என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. தோள் வலி வியர்வையோடும் மூச்சுத் திணறலோடும் நெஞ்சு அழுத்தத்தோடும் வந்தால் அது இதயம், சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். காலையில் விரல்கள், மணிக்கட்டு எல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது தேய்மானம் இல்லை, முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கு மாத்திரையும் வேறு, நேரமும் வேறு. உங்கள் வீட்டில் இருபது முப்பது வயதுப் பையன் யாராவது பின்னிரவில் இடுப்பு வலியில் எழுந்து, நடந்தால்தான் சரியாகிறது என்று சொன்னால், அவனுக்கு இந்தப் பதிலில் ஒன்றும் இல்லை, மூட்டு வாத டாக்டரிடம் அனுப்புங்கள்.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது மூன்று மாதச் சராசரி சர்க்கரை, தைராய்டு, கிரியேட்டினின் மூன்று ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். தைராய்டு சரியில்லாதவர்களுக்கும் ஃப்ரோசன் ஷோல்டர் வரும், அதைப் பார்க்காமலே மாதக்கணக்கில் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.